கேமராவுக்கு மணிக்கட்டு இல்லை

சின்னச் சின்ன உலோகப் பொருள்களைக் கேமரா வைத்துத் தரம் பார்க்கும் வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். முதலில் கேமராவை வாங்கிவிடுகிறார்கள். எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டு, அதிலேயே பட்ஜெட்டில் பாதியைக் கரைத்துவிட்டு, லைட்டுக்கு "ஏதாவது ஒரு ரிங் லைட் போட்டுக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பளபளப்பான பொருளுக்கு இந்த வரிசை தலைகீழ் என்பது என் கருத்து. லைட்டை முதலில் முடிவு செய்ய வேண்டும், அடுத்தது லென்ஸ், கடைசியில்தான் கேமரா. ஏன் என்று ஒரே ஒரு வட்டை வைத்துச் சொல்கிறேன்.

எஃகு வட்டு. விட்டம் 12 மில்லிமீட்டர், தடிமன் 3. நம்ம ஊர் ஒரு ரூபாய்க் காசை விடவும் சிறியது. ஒரு முகம் லேப்பிங் செய்து கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏற்றியிருக்கும். எண்ணெயை அடைத்து நிற்க வேண்டிய முகம் அது. அதில் குறுக்காக ஒரு கீறல் இருந்தால் எண்ணெய் அதன் வழியே கசியும். 0.05 மில்லிமீட்டர் அகலக் கீறல் கூட ரிஜெக்ட். தலைமுடியின் பருமனே ஏறக்குறைய அவ்வளவுதான். கோவைப் பக்கம் ஒரு கம்பெனியில் நான் க்வாலிட்டி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த வட்டுகள் ஆயிரக்கணக்கில் வரும். டியூப்லைட்டுக்குக் கீழே நீள மேஜை போட்டு, வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

அவர்கள் பார்க்கும் முறையைக் கவனித்தால் விஷயம் பாதி விளங்கிவிடும். வட்டை இரண்டு விரலால் எடுத்ததும் மணிக்கட்டு ஒரு சுழற்று சுழற்றும். டியூப்லைட்டின் பிரதிபலிப்பு வட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடாக ஓடி மறையும். அது மறைகிற அந்தக் கணத்தில், கறுத்துப்போன முகத்தில் கீறல் மட்டும் மினுக்கும். எவர்சில்வர் கடையில் நம் வீட்டுப் பெண்கள் தட்டை வாசல் வெளிச்சத்துக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் இதே வேலைதான். ஒருமுறை அந்த மேஜையில் மூத்தவராக இருந்த அக்காவிடம், "எப்படிங்க இவ்வளவு வேகமா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "வச்ச இடத்துல வச்சுப் பாத்தா எனக்குந் தெரியாதுங்க சார், திருப்பணும்" என்றார். முப்பது வருஷத்தில் இந்தத் துறையைப் பற்றி நான் கேட்டதில் இதைவிடச் சரியான வாக்கியம் கிடையாது.

பாலிஷ் செய்த முகம் ஒரு கண்ணாடி. கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை. அதில் தெரிவதைத்தான் பார்க்கிறோம். கேமராவை நேர் மேலே வைத்தால், அது பார்ப்பது வட்டில் பிரதிபலிக்கும் லைட்டையும் கூரையையும் தன் சொந்த லென்ஸையும்தான். கையில் எடுத்துத் திருப்ப அதற்கு வழியில்லை. ஆகவே மணிக்கட்டு செய்த வேலையை லைட்டு செய்தாக வேண்டும். எந்தக் கோணத்தில் திருப்பினால் கீறல் மினுக்கியதோ, அந்தக் கோணத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும்.

அந்தக் கம்பெனியில் முதலில் வந்து இறங்கியது ஐந்து மெகாபிக்சல் கேமரா, கூடவே லென்ஸைச் சுற்றி மாட்டுகிற சாதாரண ரிங் லைட். முதல் படத்தைத் திரையில் பார்த்தபோது வட்டின் நடுவே வெள்ளைப் பொட்டுகள் ஒரு மாலையாகத் தெரிந்தன. ஒவ்வொரு பொட்டும் ரிங்கில் இருந்த ஒரு எல்.இ.டி.யின் பிம்பம். பொட்டுக்கு அடியில் இருப்பது வெளுத்துப் போயிருக்கும், பொட்டுக்கு வெளியே எல்லாம் மங்கல். கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே வட்டு ஒருமுறை பாஸ், திருப்பி வைத்தால் ஃபெயில்.

அடுத்து வந்தவர் டோம் லைட்டைக் கொண்டு வந்தார். கவிழ்த்த கிண்ணம் மாதிரி, உள்ளே வெள்ளை பூசியிருக்கும். வெளிச்சம் கிண்ணத்தின் உட்சுவரில் பட்டு எல்லாத் திசையிலிருந்தும் மெதுவாக விழும். படம் அருமையாக வந்தது. பொட்டு இல்லை, நிழல் இல்லை, வட்டு முழுக்கச் சீரான வெள்ளை. முதலாளிக்குப் பரம திருப்தி. ஆனால் கீறலும் காணாமல் போயிருந்தது! எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக வெளிச்சம் வந்தால், கீறலின் சரிவுச் சுவரும் சமதளமும் ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் கேமராவுக்கு அனுப்பும். வளைந்த உலோகத்தில் பொறித்த எண்ணைப் படிக்க டோம் மாதிரி இன்னொன்று இல்லை. சமதள முகத்தில் மெல்லிய கீறலைத் தேட அது உதவாது. அழகான படம் வேண்டுமா, கீறல் வேண்டுமா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் டெமோவில் பாதிப் பேர் அழகான படத்துக்குத்தான் தலையாட்டுகிறார்கள்.

சரியாக வந்தது தாழ்வான ரிங். வட்டுக்கு மேலே பத்து, பதினைந்து மில்லிமீட்டர் உயரத்தில், சுற்றிலுமிருந்து கிட்டத்தட்டத் தரையோடு தரையாக வெளிச்சத்தை அனுப்பும் அமைப்பு. இதற்கு டார்க் ஃபீல்டு என்று பெயர். சமதளத்தில் பட்ட வெளிச்சம் அதே தாழ்ந்த கோணத்தில் எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், மேலே நிற்கும் கேமராவுக்கு வராது. முகம் கறுப்பாகத் தெரியும். கீறலின் சுவரில் பட்டது மட்டும் மேலே எழும்பும். கறுப்பு வானத்தில் மின்னல் கீற்று மாதிரி கீறல் தனியாகத் தெரியும். விளிம்பில் சீவியிருக்கும் சாய்வு ஒரு வெள்ளை வளையமாக விழும். அந்த வளையம் எங்காவது அறுந்திருந்தால் அங்கே விளிம்பு அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அக்காவின் மணிக்கட்டு நிறுத்திய இடம் இதுதான்.

இதற்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. தூசி, துணி நார், விரல் ரேகை எல்லாமே இதில் மினுக்கும். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயோடு வட்டை அனுப்பினால் நூற்றுக்கு எண்பதை மிஷின் தள்ளிவிடும். கழுவி, உலர்த்தி, கை படாமல் அனுப்பும் ஏற்பாடு இல்லாமல் டார்க் ஃபீல்டு வாங்குவது வீண். அந்தக் கழுவும் தொட்டியும் கேமரா செலவிலேயே சேர்ந்தது என்று கணக்குப் போடுங்கள் என்று நான் சொல்வதுண்டு. கேட்டவர்கள் குறைவு.

பாலிஷ் ஏறாத திட்டுகள், கறை, அரிப்பு இவற்றுக்கு நேர் எதிரான லைட்டு வேண்டும். கேமராவுக்கும் வட்டுக்கும் நடுவே 45 டிகிரியில் ஒரு பாதிக் கண்ணாடியை வைத்து, பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சத்தை லென்ஸின் பார்வைத் திசையிலேயே கீழே இறக்குவார்கள். இதைக் கோஆக்சியல் என்பார்கள். இதில் பாலிஷ் முகம் வெள்ளை, குறை கறுப்பு. பாதிக் கண்ணாடி என்பதால் போகும்போது பாதி வெளிச்சம், திரும்பி வரும்போது இன்னொரு பாதி போய்விடும். நல்ல பாலிஷாக இருந்தாலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் கேமராவுக்கு வராது. இன்னொன்று, வட்டு 1 டிகிரி சாய்ந்தால் திரும்பும் ஒளி 2 டிகிரி விலகும். ஆடுகிற பெல்ட்டின் மேல் வைத்தால் நல்ல வட்டும் திடீரென்று கறுத்து ரிஜெக்ட் ஆகும். அதனால் வட்டு நிற்கும் தளம் ஆடாமல் இருக்க வேண்டும். எங்கள் லைனில் பெல்ட்டுக்கு அடியில் அரைத்துச் சமமாக்கிய ஒரு எஃகுப் பட்டையைக் கொடுத்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

லென்ஸுக்கு வருகிறேன். இங்கே கணக்கு கொஞ்சம் உண்டு, பயப்பட வேண்டாம். கேமரா பார்க்கும் இடத்தின் அகலம் 20 மில்லிமீட்டர். வட்டு 12, மீதி இருபுறமும் இடைவெளி. கேமராவின் அகலத்தில் 2448 பிக்சல். வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.008 மில்லிமீட்டர் சொச்சம். 0.05 கீறலுக்கு ஆறு பிக்சல் கிடைக்கிறது, தாராளம். டார்க் ஃபீல்டில் கீறல் தானே ஒளிர்வதால் அதில் பாதி கிடைத்தால்கூடப் போதும். அதற்கு மேல் மெகாபிக்சல் வாங்கி ஒன்றும் ஆகப் போவதில்லை.

எந்த லென்ஸ் என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 16 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் அது வட்டுக்கு ஐந்தரை சென்டிமீட்டர் உயரத்தில் வந்து நிற்கும். லைட்டு வைக்க இடமிருக்காது. அது மட்டுமல்ல, அவ்வளவு கிட்டத்தில் வட்டின் நடுவை நேராகவும் ஓரத்தைச் சாய்வாகவும் பார்க்கும். கண்ணாடி முகத்தில் அந்தச் சாய்வு உடனே வெளிச்ச வித்தியாசமாகிவிடும். நாங்கள் போட்டது 50 மில்லிமீட்டர் லென்ஸ். அது 17 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும், பார்வை ஏறக்குறைய நேராக இறங்கும், நடுவில் பாதிக் கண்ணாடிப் பெட்டிக்கும் தாழ்வான ரிங்குக்கும் இடம் கிடைக்கும். அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆக, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் ரிங் போட வேண்டும். அது சில நூறு ரூபாய் விஷயம்.

அதே கேமராவில் வட்டின் விட்டத்தையும் அளந்துவிடலாமே என்று மேலிடத்தில் கேட்டார்கள். கூடாது என்றேன். சாதாரண லென்ஸுக்குக் கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும். 170 மில்லிமீட்டர் தூரத்தில் வட்டு 1 மில்லிமீட்டர் உயர்ந்தால், 12 மில்லிமீட்டர் விட்டம் 0.07 கூடிவிட்டதாக மிஷின் சொல்லும். எங்களுக்கு அனுமதித்த வித்தியாசமோ 0.02. பெல்ட்டின் ஒட்டுப்போட்ட இடத்தில் வட்டு ஏறி இறங்கினாலே அளவு மாறிவிடும். இதற்கு டெலிசென்ட்ரிக் என்று தனி லென்ஸ் இருக்கிறது. உயரம் சற்று மாறினாலும் அளவு மாறாது. ஆனால் அதன் முன்பக்கக் கண்ணாடி பொருளை விடப் பெரிதாக இருந்தாக வேண்டும் என்பதால் கனமும் அதிகம், விலையும் அதிகம். கீறல் தேட அது அவசியமில்லை, அளவெடுக்க அவசியம். ஆகவே இரண்டு இடம், இரண்டு கேமரா.

அளவெடுக்கும் இடத்தில் வெளிச்சம் கீழேயிருந்து வர வேண்டும். வட்டு கறுப்பு நிழலாகத் தெரியும். இங்கேயும் பளபளப்பு விளையாடும். பின்னாலிருக்கும் லைட்டுப் பலகை மிகப் பெரிதாக இருந்தால், அதன் ஓரத்திலிருந்து வரும் ஒளி வட்டின் பளபளக்கும் பக்கச் சுவரில் வழுக்கி லென்ஸுக்குள் நுழையும். நிழலின் விளிம்பு அரிக்கப்பட்ட மாதிரி ஆகி, வட்டு நிஜத்தை விடச் சிறியதாக அளவு வரும். மைக்ரோமீட்டர் ஒன்று சொல்லும், கேமரா ஒன்று சொல்லும், இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். ஒளிக்கதிர்கள் இணையாக வருகிற பேக்லைட் வாங்கினால் தீரும். வாங்க முடியாவிட்டால் பலகையின் மேல் கறுப்புத் தாள் ஒட்டி, பார்க்கும் இடத்தின் அளவுக்கு மட்டும் துளை விட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

கடைசியாக எக்ஸ்போஷர். நாம் பழைய ஃபிலிம் கேமராவில் திருவிழாத் தேரை எடுத்தவர்கள்தானே, நகர்கிற பொருள் கலங்கும் என்று தெரியும். எங்கள் பெல்ட் விநாடிக்கு 150 மில்லிமீட்டர் ஓடியது. ஷட்டர் ஒரு மில்லிவிநாடி, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால், அதற்குள் வட்டு 0.15 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பதினெட்டுப் பிக்சல். 0.05 கீறல் அதில் கரைந்தே போகும். இந்தக் கோளாறு சட்டென்று பிடிபடாது. காரணம், பெல்ட் ஓடும் திசையிலேயே கிடக்கும் கீறல் கலங்காது, தெளிவாகவே தெரியும். குறுக்காகக் கிடப்பதுதான் மறையும். சந்தேகம் வந்தால் ரிஜெக்ட் ஆன ஒரு வட்டை எடுத்துக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அனுப்பிப் பாருங்கள். பாஸ் ஆனால் ஷட்டரைப் பாருங்கள். பெல்ட்டை நிறுத்தி அதே இரண்டு நிலையிலும் ஒரு படம் எடுத்தால் உறுதியாகிவிடும்: நின்றபோதும் வித்தியாசம் இருந்தால் லைட்டு ஒரு பக்கமாக விழுகிறது, நின்றபோது சரியானால் ஷட்டர் நீளம்.

ஒரு பிக்சலுக்குள் அடக்க, ஷட்டரை 50 மைக்ரோவிநாடிக்குக் குறைக்க வேண்டியிருந்தது. அதாவது இருபதில் ஒரு பங்கு. வெளிச்சமும் இருபதில் ஒரு பங்காகிவிட்டது. படம் இருட்டு. இந்த இடத்தில் மூன்று வழி இருக்கிறது, இரண்டு சுலபமானவை. கேமராவில் கெயினை ஏற்றலாம். கூடவே புள்ளிப் புள்ளியாக இரைச்சலும் ஏறி மெல்லிய கீறலை மூடிவிடும். லென்ஸின் துளையை விரிக்கலாம். எஃப் 8-இலிருந்து எஃப் 4-க்கு வந்தால் நாலு மடங்கு கிடைக்கும், ஃபோகஸ் நிற்கும் ஆழம் பாதியாகும். சமதள வட்டுக்கு அந்த ஆழமே போதும், அதனால் நாங்கள் அதைச் செய்தோம். எதிர்த்திசையில், "எல்லாம் ஷார்ப்பாக இருக்கட்டும்" என்று எஃப் 16 வரை துளையைச் சுருக்கும் ஆசாமிகளும் உண்டு. அவ்வளவு சிறிய துளையில் ஒளியே சிதறி, ஒரு புள்ளி பத்துப் பிக்சலாகப் பரவிவிடும்.

மூன்றாவது வழி ஸ்ட்ரோப். எல்.இ.டி.யை எப்போதும் எரிய விடாமல், வட்டு வந்து நிற்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் 50 மைக்ரோவிநாடி மட்டும், வழக்கத்தை விடப் பல மடங்கு மின்சாரம் கொடுத்து மின்ன வைப்பது. விநாடிக்கு ஐந்து வட்டு என்றால், விநாடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் லைட்டு எரிகிறது, சூடாகாது. இதற்கு ஒரு கண்ட்ரோலர் பெட்டி வேண்டும். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம் என்பதற்கு லைட்டு செய்தவர் கொடுத்த வரம்பை மீறினால் எல்.இ.டி. கருகிவிடும். என்னைக் கேட்டால் கேமராவை ஒரு படி இறக்கி வாங்கியாவது இந்தப் பெட்டிக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

எக்ஸ்போஷரைப் பொருள் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ வசதியை முதல் வேலையாக அணைத்துவிட வேண்டும். கீறல் நிறைந்த வட்டு வந்தால் அது படத்தை இருட்டாக்கிக் கீறலை மறைக்கும், சுத்தமான வட்டு வந்தால் வெளிச்சத்தை ஏற்றித் தூசியைப் பெரிதாக்கும். கோஆக்சியல் படத்தில் வெள்ளை முகம் 255-ஐத் தொடவே கூடாது. 200 பக்கம் நிற்கட்டும். 255-இல் முட்டிவிட்டால் மெல்லிய கறையும் வெள்ளையாகிவிடும். அதன்பின் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இவ்வளவும் சரி செய்த பிறகும் ஒரு மர்மம் மிச்சமிருந்தது. மாலை மூன்றரைக்கு மேல் ரிஜெக்ட் ஏறும், ஐந்தரைக்கு இறங்கும். ஆபரேட்டர் தூங்குகிறார் என்றார்கள், மெட்டீரியல் மாறுகிறது என்றார்கள். மணிவாரியாக ரிஜெக்ட் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதச் சொன்னேன். மழைநாளில் ஏறவில்லை. ஷெட்டின் மேற்குப் பக்கம் இருந்த வென்டிலேட்டரிலிருந்து இறங்கிய வெயில்தான் காரணம். எங்கள் லைட்டை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்தோம். முழுக் கறுப்பாக வர வேண்டிய படத்தில் வட்டின் ஓரம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. யாரோ ஷட்டரைப் பழையபடி ஒரு மில்லிவிநாடியில் விட்டிருந்தார்கள். மின்னல் 50 மைக்ரோவிநாடிதான் என்பதால் படம் கலங்கவில்லை, ஆனால் மீதி நேரமெல்லாம் வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஷட்டரை மின்னலின் அளவுக்குச் சுருக்கி, சுற்றிலும் தகரத்தில் ஒரு கூடு செய்து கறுப்புப் பூசி, சிவப்பு எல்.இ.டி.யோடு சிவப்பை மட்டும் விடும் ஃபில்டரையும் மாட்டியதும் மாலை ரிஜெக்ட் காலை அளவுக்கு வந்துவிட்டது. லைட்டை அணைத்து ஒரு படம் எடுப்பதற்குச் செலவு எதுவுமில்லை. இருந்தும் மிஷினை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களில் ஒருவர்கூட அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. கேமரா வருவது முடிவானதும் மேஜையில் இருந்த பெண்களைத்தான் முதலில் வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். எந்தக் கீறல் கசியும், எது வெறும் பாலிஷ் கோடு, எது துடைத்தால் போகும் என்று தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். லைட்டை வைத்துப் பார்க்கிற அன்று அவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் டோம் லைட்டு படத்தை வாங்கியே இருக்க மாட்டோம். பிறகு நான் அந்த அக்காவை இரண்டு நாள் கேட்டு வாங்கினேன். நாற்பது வட்டுகளை அவரே பொறுக்கித் தந்தார்: இருபது நல்லது, பதினைந்து கெட்டது, ஐந்து "இதுங்க இரண்டுங்கெட்டான்" என்று. அந்த நாற்பதைப் பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கி, ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் மிஷினில் ஓட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. பதினைந்தில் ஒன்று தப்பினாலும் லைன் ஓடாது. இரண்டுங்கெட்டான் ஐந்தை மட்டும் மிஷின் என்ன சொன்னாலும் அக்காவிடமே அனுப்பினோம்.